மயில் கழுத்துப் பட்டுக்கு எழுதிய பிரீஃப்

காஞ்சிபுரம் பட்டு விற்கும் கடை ஒன்றுக்கு, ஆவணி முகூர்த்தங்களுக்கான படங்களை எப்படி எடுக்க வேண்டும் என்று போட்டோகிராபருக்குச் சொல்லும் பிரீஃப் எழுதிக் கொடுத்தேன். “நல்லா ரிச்சா இருக்கணும் மேடம், அவ்வளவுதான்” என்றார் கடைக்காரர். இதைக் கேட்டு போட்டோகிராபர் எந்த லைட்டை எங்கே வைப்பார்? வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஆன்லைனில் வாங்குபவர்கள் எந்தப் புடவையை அதிகம் திருப்பி அனுப்புகிறார்கள்? யோசிக்காமல் மயில் கழுத்தை எடுத்துப் போட்டார். படத்தில் வெறும் நீலமாகத் தெரிகிறதாம்.

அதையே முதலில் எழுதினேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம் என்பதால் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். துணியை இழுத்துப் பிடித்து நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் ஒரு நிறம்தான் மிஞ்சும், ஜரிகையும் வெள்ளைத் திட்டாகிவிடும். எனவே வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஒரே பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வரட்டும் என்று குறித்தேன். எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும். மினுமினுப்பு கண்ணை உறுத்துகிறதென்று சிலர் லென்ஸில் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் மாட்டுவார்கள். பட்டு பருத்தி மாதிரி மங்கிப் போகும், அதனால் வேண்டாம் என்று தனியாகவே எழுதினேன்.

கட்டும் விதமும் இதையொட்டித்தான். கொசுவ மடிப்புகளில் பச்சையும் நீலமும் மாறி மாறி வரும், ஆகவே அவற்றை ஒட்ட அயர்ன் செய்யாமல் கொஞ்சம் விரிந்து விழ விட வேண்டும். முந்தியை மட்டும் மடிப்பு வைக்காமல் இடது கை மேல் ஒற்றையாக விட்டால் வேலைப்பாடு முழுதாகத் தெரியும். கடையில் மடித்து வைத்த கோடுகளை முந்தைய நாளே ஸ்டீமரில் எடுத்துவிடச் சொன்னேன்.

பின்னணிக்குச் சிவப்புத் திரையும் குத்துவிளக்கு வரிசையும் வேண்டுமென்றார் கடைக்காரர். பித்தளை பக்கத்தில் இருந்தால் கண் ஜரிகைக்குப் போகாது. சிவப்பு வேறு புடவை மேல் பிரதிபலித்துப் பச்சையைப் பழுப்பாக்கும். வெளிர் சாம்பல் சுவர், மாடல் அதிலிருந்து ஆறடி தள்ளி, ஒவ்வொரு புடவைக்கும் முதல் ஷாட்டில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு கிரே கார்டு என்று முடிவானது. அவர் மனம் நோகாமல் இருக்க ஓரத்தில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் ஃபோகஸுக்கு வெளியே!

மூட் பற்றி எழுதும்போது ‘ராயல்’, ‘எலிகன்ட்’ எதுவும் போடவில்லை. முகூர்த்தத்துக்குக் கிளம்பும் அக்கா, விடிந்து கொஞ்ச நேரம், கேமராவைப் பார்க்காமல் முந்தியைச் சரிசெய்கிறாள். மல்லிகை பின்னலோடு நிற்கட்டும், தோள் பக்கம் வந்து பார்டரை மறைக்க வேண்டாம்.

கடைக்காரர் படித்துவிட்டு ஒன்று சேர்க்கச் சொன்னார்: புடவையின் பின்பக்கத்துக்கும் ஒரு குளோசப். விவரம் தெரிந்தவர்கள் கடையில் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்களாம். அதையும் எழுதி அனுப்பினேன்.