அம்மாவுக்கு வந்த குறுஞ்செய்தி

"பணம் போய்விட்டதா?" கைப்பேசியை நீட்டியபோது அம்மாவின் விரல் நடுங்கியது.

'கார்டு பிளாக் செய்யப்பட்டது' என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. 'முடக்கம்' என்று மொழிபெயர்த்தது என் தவறு. அவர் முகம் இன்னும் வெளுத்தது.

"கணக்கு ஒரு பெட்டி, கார்டு அதன் சாவி. பெட்டி பத்திரம் அம்மா. ஒரு சாவியைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்."

மூச்சு வந்தது.

"அப்படியென்றால் நாளை பார்க்கலாமா?"

"இல்லை, இன்றே. சாவி வேறு யார் கையிலாவது இருக்கலாம்."

செய்தியிலிருந்த இணைப்பைத் தொடவில்லை. அங்கிருந்த எண்ணையும் அழைக்கவில்லை. செய்தியே போலியாக இருக்கலாம். கார்டைத் திருப்பினோம். பின்புறம் பொடி எழுத்தில் இருந்த எண்ணை அம்மா ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அழுத்தினேன்.

முடக்கியது வங்கிதான். அம்மா செய்யாத ஒரு செலவு. மறுத்துச் சொன்னதும் புதிய கார்டு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"ரகசிய எண்ணைக் கேட்கவே இல்லையே?"

"கேட்டிருந்தால் அழைப்பைத் துண்டித்திருப்பேன், அம்மா."