கத்தரிப்பூ நிறத்தில் வந்த மயில்கழுத்துப் புடவை

அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு கேன்வாஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன். 24-க்கு 36 அங்குலம். பழைய கல்யாணப் படத்தை ஏற்றினால் எண்ணெய் ஓவியம் போல மாற்றிக் காட்டும் ஆன்லைன் அச்சுக் கடை அது. ஆர்டர், பணம், டெலிவரி எல்லாம் ஆறே நாளில் முடிந்தது. பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "நான் என்னைக்குடா கத்தரிப்பூ கலர்ல புடவை கட்டினேன்?"

அது மயில்கழுத்துப் பட்டு. போனில் பார்த்தபோது பச்சையும் நீலமுமாகத் தகதகத்தது. கேன்வாஸில் அசல் கத்தரிப்பூ.

அன்று இரவே கோபத்தில் ஒரு கடிதம் எழுதினேன். திரையில் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறு, இது ஏமாற்று வேலை, உடனே வேறு அடித்துத் தாருங்கள் என்று ஒரு பக்கத்துக்கு. கூடவே ஹாலின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம். இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. திரையில் தெரியும் நிறமும் அச்சு நிறமும் சற்று மாறுபடலாம், இது எங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது, நன்றி. புகாரை மூடியும் விட்டார்கள்.

மறுநாள் சாட்டில் பிடித்தேன். அதில் இருந்தவர், கேன்வாஸைக் கூரியரில் திருப்பி அனுப்பினால் பார்க்கிறோம் என்றார். மனைவி பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொள்ள, வண்டியில் கூரியர் ஆபீசுக்குப் போனோம். அங்கே எடையைப் பார்க்கவில்லை, பெட்டியின் நீள அகலத்தை அளந்து, அந்தக் கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். சரி என்று, திருப்பி அனுப்புவதற்கான எண்ணைக் கேட்டு வரிசையில் நின்றபடியே மறுபடி சாட்டைத் திறந்தால், இந்த முறை வேறொருவர். "ஆர்டரின் பேரில் செய்யும் பொருளை நாங்கள் திரும்ப வாங்குவதே இல்லை சார்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மெயிலில் எழுத்தாக வராத வரை எதையும் இடம் மாற்றாதீர்கள்.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் முதலில் கேன்வாஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. போனில் டிஸ்ப்ளே செட்டிங்கில் "Vivid" இருக்கிறதா, அதை "Natural" ஆக்கு என்றான். ஆக்கினேன். மயில்கழுத்தின் தகதகப்பு கண்ணெதிரே இறங்கியது. "பாதிச் சண்டை உன் போனோடதான் மாப்ளே" என்றான். திரை தானே ஒளிவிடுகிறது. மேட் கேன்வாஸ் மேலே விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது, மை துணிக்குள் இறங்கிவிடுகிறது. பளபளக்கும் நீலப்பச்சையில் ஒரு பகுதியை மையால் எட்டவே முடியாது. அந்தப் பாதிக்கு எந்தக் கடையும் மறுபடி அடித்துத் தராது.

"புடவையை விடு, மாமா வேட்டியைப் பாரு" என்றான் அப்புறம்.

பார்த்தேன். அப்பாவின் பட்டு வேட்டி லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. புடவை மேலேயே கண் இருந்ததால் மூன்று நாளாக ஒருவரும் கவனிக்கவில்லை. சட்டத்தைத் திருப்பி, பின்னால் பின் அடித்திருக்கும் விளிம்பைப் பார்த்தால் அச்சு ஏறாத துணி சுத்த வெள்ளை. அப்படியென்றால் ரோஸ் துணியிலிருந்து வரவில்லை, மையில் இருந்து வந்தது. என் கோப்பில் அதே வேட்டி மடிப்பின் நிறத்தைத் தொட்டுப் பார்த்தேன்: 205, 204, 202. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய சமம் என்றால் அது வெறும் சாம்பல். கோப்பில் ரோஸ் இல்லவே இல்லை.

கடைசியாக, பின்னணிச் சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொன்னான். சீரான இடைவெளியில் மயிரிழை போலக் கோடுகள், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. பிரிண்டர் ஹெட்டில் மை தெளிக்கும் துளைகளில் சில அடைத்துக்கொண்டால் இப்படி வருமாம். அடைபட்டது சயான் என்ற நீலப்பச்சை மை என்றால் மற்றதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. சாம்பலில் சயான் குறைந்தால் ரோஸ் தூக்கும், நீலத்தில் குறைந்தால் கத்தரிப்பூவாகும். வேட்டிக்கும் புடவைக்கும் ஒரே வியாதி!

இரண்டாவது கடிதத்துக்கு ஒரு முக்கியமான காகிதம் இல்லாமல் திண்டாடினேன். நான் ஒப்புதல் கொடுத்த மாதிரிப் படத்தின் லிங்க் ஆர்டர் போனதுமே செத்துவிட்டிருந்தது. நல்லவேளை, உறுதி மெயிலில் சின்னதாக ஒரு பிரதி இருந்தது. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

படங்களைப் பகலில், வராந்தா நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், கேன்வாஸ் பக்கத்தில் ஒரு ஏ4 தாளை வைத்து எடுத்தேன். தாள் இல்லாவிட்டால் போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்து வேட்டியை வெள்ளையாக்கிவிடும், நாம் பொய் சொல்வது போல் ஆகிவிடும். அவர்கள் படிவம் 2 எம்பிக்கு மேல் ஏற்காததால் எல்லாவற்றையும் மெயிலிலேயே இணைத்தேன். ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம் தமிழில் இப்படி இருக்கும்:

"கேன்வாஸ் திரையை விட மங்கலாக இருப்பது என் புகார் அல்ல, அது இயல்பு என்று தெரியும். என் புகார் இரண்டு. ஒன்று, கோப்பில் நிறமே இல்லாத சாம்பலான வேட்டி ரோஸாக அச்சாகியிருக்கிறது. படம் 1-இல் வெள்ளைத் தாளும், படம் 2-இல் அச்சு ஏறாத துணி விளிம்பும் உள்ளன. இரண்டு, படம் 3-இல் அளவுகோலுடன் காட்டியுள்ள கோடுகள். இவை இரண்டும் அச்சுக் குறை. 'சற்று மாறுபடலாம்' என்ற விதியில் வராது. அதே கோப்பை, ஹெட்டைச் சோதித்த பிறகு, மறுபடி அச்சடித்துத் தருமாறு கேட்கிறேன். பணம் திரும்ப வேண்டாம்."

முதல் கடிதத்தில் பாதி அளவுகூட இல்லை. "ஏமாற்று" என்ற வார்த்தையும் இல்லை.

இரண்டு நாள் சத்தமே இல்லை. தளத்தின் அடியில், யாரும் பார்க்காத எழுத்தளவில், குறைதீர்ப்பு அலுவலரின் மெயில் இருந்தது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த ஒரு வரியை மேலே சேர்த்து அதே கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் கையில் வைத்திருந்தேன், அதுவரை போகத் தேவைப்படவில்லை.

மறுநாள் போன் வந்தது. இந்த முறை வாடிக்கையாளர் சேவை இல்லை, அச்சுப் பிரிவிலிருந்தே ஒருவர். கோட்டுப் படத்தை இன்னும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பிய பத்து நிமிடத்தில், "இது நாங்க ஹெட் கிளீன் பண்ணாம ஓட்டினது சார், வேற அடிச்சிடறோம்" என்றார். ஒரு மனிதர் இப்படி நேராகச் சொன்னதும் எனக்குக் கோபப்படவே வரவில்லை.

எட்டாவது நாள் புதியது வந்தது. வேட்டி வெள்ளை. புடவை மயில்கழுத்துதான், போனில் இருந்ததை விட ஒரு படி அடங்கி. அம்மாவுக்கு அந்த அடங்கல்தான் பிடித்திருக்கிறது. அசல் பட்டும் இப்படித்தான் இருக்குமாம்.

பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் பயன்படுத்த முடியாதபடி கத்தியால் கிழித்துப் படம் அனுப்பச் சொன்னார்கள். அம்மா முகத்துக்கு நேரே கத்தி வைக்க மனசு வரவில்லை. வேட்டிக் கரைக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து அனுப்பினேன். ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.