பத்திரத்துப் பெயர்கள்

ஜூலை 8

சோழவந்தான் பெரியப்பா பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வந்த வரிசையை நம்பாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்ட தாள் எண்ணைப் பார்த்து அடுக்கினேன். தட்டச்சு இன்னும் தொடங்கவில்லை. எல்லாப் படங்களையும் முதலில் ஒரு ஓட்டம் படித்து, ஆள் பெயரையும் நிலத்தின் பெயரையும் நோட்டில் எழுதினேன். எந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன். படம் படமாகத் தட்டிக்கொண்டே போனால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

ஜூலை 10

இன்று முழுக்க ஒரே சொல். மூன்றாம் படத்தில் மூத்தவர் பங்குக்கு நான்குமால், அதாவது நான்கு பக்கத்து எல்லை, சொல்லும் இடத்தில், மேற்கே இருப்பது காடா, சிறு குன்றான கரடா? பழைய கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். இந்த எழுத்தர் எப்படி எழுதுவார் என்று பார்க்க, சந்தேகமில்லாத சொற்களைப் பெரிதாக்கினேன். 'பத்திரம்' என்பதில் வரும் ரகரமும் 'பாகம்' என்பதில் வரும் காலும் ஒரே கோடு. எழுத்தை வைத்துத் தீராது.

அப்புறம் ஐந்தாம் படத்துக்குப் போனேன். மூத்தவர் நிலத்துக்குத் தெற்கே இளையவர் நிலம். இளையவர் நிலத்துக்கு வடக்கே மூத்தவர் நிலம். இரண்டும் ஒட்டிக் கிடப்பவை. இளையவர் பங்கில் அதே மேற்கு எல்லைக்குப் 'பாறைக்' என்ற சொல் முன்னால் வருகிறது. பாறைக் கரடு! எல்லாப் படத்துக்கும் 'கரடு' என்று நோட்டில் முடிவாக எழுதினேன். பாகப் பத்திரத்தில் பங்காளிகளின் எல்லைகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

ஜூலை 13

நான்காம் படம் 'ஷெ சோலையன்' என்று தொடங்குகிறது. ஷெ என்றால் மேற்படி. ஆனால் மேலே சொன்னவர் முந்தைய படத்தில் இருக்கிறார். இந்தக் குடும்பத்தில் தாத்தாவும் சோலையன், பேரனும் சோலையன். மூன்றாம் படத்தின் கடைசி வரிகள் வெட்டுப்பட்டிருந்தன. "பெரியப்பா, அடிப்பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை எடுங்க" என்று கேட்டேன். மாலையில் வந்த படத்தில் 'மைனர் சோலையன்' என்று இருந்தது. சரி, பேரன்தான். நோட்டில் இருவருக்கும் தனித்தனி வரி: சோலையன் (தாத்தா), சோலையன் (மைனர்). பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றாக்கக் கூடாது.

ஜூலை 15

சர்வே, சறுவே என்று எழுத்தர் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார். இரண்டையும் அப்படியே விட்டேன். அது அவருடைய எழுத்து. நான் படிப்பதில் வரும் வித்தியாசத்தைத்தான் ஒன்றாக்க வேண்டும். கரடு அந்த வகை.

கடைசிப் படத்தில் ஒரு சாட்சியின் பெயர் முத்திரை மைக்கு அடியில் போய்விட்டது. அந்தப் பெயர் வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. 'வீர' என்று இரண்டெழுத்து மட்டும் தட்டி, மீதி இடத்தில் [?] போட்டுப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன்.