74 சென்டி டைல்ஸ்: குரூப் 4 மாதிரித் தேர்வில் நான் கோட்டைவிட்ட கணக்கு

குரூப் 4-க்குத் தருமபுரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. ஒரு கூடத்தின் தரை 12 மீ 58 செ.மீ நீளம், 8 மீ 14 செ.மீ அகலம். எந்த டைல்ஸையும் உடைக்காமல் ஒரே அளவுள்ள சதுர டைல்ஸ் பதிக்க வேண்டும். குறைந்தது எத்தனை தேவை?

டைல்ஸ் எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் அளவு பெரிதாக வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண், அதாவது மீ.பொ.வ., அதுதான் டைல்ஸின் பக்கம். இது எனக்குத் தெரியும். 1258, 814 என்று மாற்றி, இரண்டையும் 2-ஆல் வகுத்தேன். 629, 407 வந்தன. 3, 5, 7 எதிலும் போகவில்லை. 11-இல் 407 போனது, 629 போகவில்லை. சரி, மீ.பொ.வ. 2 என்று முடிவுகட்டி 629-ஐ 407-ஆல் பெருக்கினேன். 2,56,003 டைல்ஸ்! விடைகளில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தேன், தப்பு.

கிருஷ்ணகிரியில் டைல்ஸ் வேலை செய்யும் மாமாவிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டு சென்டி டைல்ஸா? உன் கல்யாணத்துக்குள்ள ஒரு ரூம்கூட முடியாது மாப்ளே" என்று சிரித்தார்.

அன்று ராத்திரி ஒரு தாளில் அந்தத் தரையை வரைந்து வெட்டிப் பார்த்தேன். 1258-க்கு 814 செவ்வகத்திலிருந்து வெட்டக்கூடிய பெரிய சதுரம் 814 பக்கமுள்ளது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் 814-க்கு 444. அதில் ஒரு 444 சதுரம் போனால் 444-க்கு 370. அதில் ஒரு 370 சதுரம் போனால் 370-க்கு 74 என்று ஒரு ஒல்லியான பட்டை. அந்தப் பட்டையில் 74 சதுரம் சரியாக ஐந்து வந்தது, மிச்சம் ஒன்றுமில்லை.

டைல்ஸ் அளவு அந்த 74-தான். பட்டையிலிருந்து பின்னோக்கிப் போனால் காரணம் புரியும். 370-இல் 74 ஐந்து முறை போகிறது. 444 என்பது 370-உம் 74-உம் சேர்ந்தது, அதனால் அதிலும் ஆறு முறை போகும். அப்படியே 814-இல் 11, 1258-இல் 17. இதைவிடப் பெரிய டைல்ஸ் ஏன் கூடாது? நீளத்தையும் அகலத்தையும் வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் நாம் வித்தியாசத்தைத்தான் எடுக்கிறோம். அப்படி வந்தால் அந்த எண் கடைசியில் 74-ஐயும் வகுக்க வேண்டும். 74-ஐவிடப் பெரிய எண் எப்படி வகுக்கும்? பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை என்று படித்தது இதைத்தான். அப்போது எனக்கு அது வெறும் சூத்திரம்.

தேர்வறையில் அத்தனை வெட்டும் தேவையில்லை, ஒரே ஒரு கழித்தல் போதும். 1258-இலிருந்து 814 போனால் 444. டைல்ஸின் பக்கம் 444-இன் வகுத்தியாகத்தான் இருக்கும். 444 என்பது 4 × 3 × 37. 814-இன் கடைசி இரண்டு இலக்கம் 14, அதனால் 4 போகாது, 2 போகும். இலக்கக் கூட்டல் 13, 3 போகாது. 37 போகும், 22 முறை. ஆக 2 × 37 = 74. நான் 11-இல் நிறுத்தியபோது ஒளிந்திருந்தது இந்த 37-தான். 629 என்பது 17 × 37, 407 என்பது 11 × 37. பார்த்தால் இரண்டுமே பகா எண் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவற்றின் வித்தியாசம் 222-ஐப் பிரித்திருந்தால் 37 உடனே வெளியே வந்திருக்கும்.

எண்ணிக்கைக்குப் பரப்பளவைப் பெருக்கிப் பிறகு வகுக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. வேண்டாம். நீளவாக்கில் 17, அகலவாக்கில் 11, மொத்தம் 187. இந்த 17-க்கும் 11-க்கும் 1-ஐத் தவிர பொது வகுத்தி இருக்கக் கூடாது. இருந்தால் டைல்ஸை இன்னும் பெரிதாக்கலாம் என்று அர்த்தம்.

அலகிலும் வழுக்கும். 8 மீ 4 செ.மீ என்றால் 804. அவசரத்தில் 84, 840 என்று எழுதியவர்களை என் பக்கத்து பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம், டைல்ஸின் அளவைக் கொடுத்து மிகச்சிறிய சதுரத் தரையைக் கேட்டால் அது தலைகீழ்க் கணக்கு, மீ.சி.ம. 45-க்கு 30 டைல்ஸ் என்றால் தரையின் பக்கம் 90, டைல்ஸ் ஆறு.

விடை 74 என்று மாமாவிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். "எழுபத்து நாலு சென்டில எந்தக் கடையில டைல்ஸ் விக்கிறான்? ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸை வாங்கு, வெட்டுத் துண்டையெல்லாம் வாசலுக்கு எதிர்ச் சுவர் ஓரமா தள்ளிடு" என்றார். இடையில் கிரவுட்டுக்கு விடும் இடைவெளியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை என்றும் சொன்னார்.