அம்மோனியா நீரூற்று: இரண்டாவது முறைதான் சரியாக வந்தது

அம்மோனியா நிரம்பிய தலைகீழ்க் குடுவைக்குள் தண்ணீர் தானே பீய்ச்சி ஏறி இளஞ்சிவப்பாகும் சோதனை இது. முதல் முறை தண்ணீர் ஏறியது, இளஞ்சிவப்பும் ஆனது, ஆனால் 500 மி.லி. குடுவையில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் அப்படியே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தேடியதில்தான் இந்தச் சோதனையே எனக்குப் புரிந்தது.

செய்தது இதுதான். அம்மோனியம் குளோரைடையும் நீற்றுச் சுண்ணாம்பையும் ஐந்தைந்து கிராம் கலந்து சூடாக்கி, வரும் வாயுவைச் சுட்ட சுண்ணாம்பு நிரப்பிய குழாய் வழியே விட்டு உலர்த்தினேன். கால்சியம் குளோரைடு இதற்கு ஆகாது, அது அம்மோனியாவையே பிடித்து வைத்துக்கொள்ளும். அம்மோனியா காற்றைவிட லேசானது என்பதால் உருண்டை அடிக் குடுவையைத் தலைகீழாகப் பிடித்து, குழாயை மேலே அடிப்பக்கம் வரை நுழைத்துப் பிடித்தேன். குடுவை உள்ளே எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும்; ஈரம் இருந்தால் வாயு அதிலேயே கரைந்துபோகும்.

முதல் முறை நிரம்பிவிட்டதா என்று பார்க்க குடுவையின் வாயருகே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டினேன், நீலமானது, உடனே வாயுக் குழாயை எடுத்துவிட்டேன். தப்பு அங்கேதான். லிட்மஸ் நீலமாவதற்குத் துளி அம்மோனியா போதும், உள்ளே பாதிக்கு மேல் காற்றாகவே இருந்திருக்கிறது. காற்று தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் ஏறிவந்த நீர் அதன்மேல் முட்டி நின்றது. கடைசியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் உள்ளே இருந்த அம்மோனியா.

இரண்டாவது முறை லிட்மஸ் நீலமான பிறகும் சில நிமிடம் விட்டேன். அப்புறம் நீண்ட கூர்முனைக் குழாயும் நீர் நிரப்பிய சொட்டுக்குழாயும் செருகிய ரப்பர் அடைப்பானை, குடுவையை நிமிர்த்தாமலே இறுக்கிவிட்டு, நீண்ட குழாயின் கீழ்முனையைப் பினாப்தலீன் கலந்த காய்ச்சி வடித்த நீரில் வைத்தேன். அந்த நீர் நிறமே இல்லாமல் இருந்தது.

சொட்டுக்குழாயை அழுத்தி 2 மி.லி. நீரை உள்ளே விட்டேன். அறை வெப்பநிலையில் ஒரு பங்கு நீர் சுமார் 700 பங்கு அம்மோனியாவைக் கரைக்கும், ஆக அந்தத் துளிகளே வாயுவின் பெரும்பகுதியை விழுங்கி, உள்ளே அழுத்தத்தைச் சரித்துவிட்டன. நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றுதான். 30 செ.மீ. குழாயில் நீர் ஏற அழுத்தம் 3 சதவீதம் குறைந்தாலே போதும், மிச்சமெல்லாம் வேகம். முதல் சொட்டு கூர்முனையைத் தாண்டியதும் அது இன்னும் வாயுவைக் கரைக்க, அழுத்தம் இன்னும் விழ, பீய்ச்சல் சட்டென்று குடுவையின் உச்சியை அடித்தது.

நிறம் கூர்முனைக்கு வெளியேதான் பிறக்கிறது! கரைந்த அம்மோனியாவில் கொஞ்சம் நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருகிறது. pH 8-ஐத் தாண்டியதும் பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும். நின்றபோது மேலே ஒரு சின்னக் குமிழி அளவுக்குத்தான் காற்று மிச்சமிருந்தது.

தட்டை அடிக் குடுவை வேண்டாம், உள்ளழுத்தம் விழும்போது நொறுங்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்று உறிஞ்சும் கூண்டுக்குள்தான் செய்தேன்.