பூட்டிய கிளினிக்கில் ஒலிக்கும் குரல்

கெடாவின் தென்பகுதியில், பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு சிறிய தனியார் கிளினிக்கின் கவுண்டரில் நான் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், மிச்சமிருக்கும் கொஞ்சம் ரப்பர், லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் குடியேறிய தாமான் குடியிருப்புகள். கிளினிக் பூட்டியதும் எங்கள் போனை ஒரு பதிவுதான் எடுக்கும். திறக்கும் நேரம், மூடும் நாள், அவசரத்துக்கு எங்கே போவது என்று சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிடும். போன் பொருத்த வந்தவர் எழுதிக் கொடுத்த வாசகம் வெகுகாலம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏன் மாற்றினோம், எப்படி மாற்றினோம் என்பதை எழுதிவைக்கத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை காலை நான் கதவைத் திறக்கும்போதே வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் ஒரு குடும்பம் காத்திருந்தது. வெளிக்காட்டில் பழக்குலை சேர்க்கும் பெரியவரை முந்தின நாள் சாயங்காலம் பாம்பு கடித்திருந்தது. காலில் வீக்கம் முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. கடித்த இடத்தைச் சுற்றிக் கொப்புளம். கணுக்காலுக்கு மேலே துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் சொன்னார்: “மிஸி, ராத்திரியே போன் அடிச்சோம். காலையில எட்டரைக்குத் தொறப்பாங்கன்னு சொல்லுச்சு. அதான் விடியட்டும்னு இருந்தோம்.”

டாக்டர் வந்து பார்த்தார். ஈறில் லேசாக இரத்தம் கசிவதைக் கண்டதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கூலிம் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். வடக்குப் பக்கத் தோட்டங்களில் ‘காப்பாக் போடோ’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் குழிவிரியன் அதிகம். சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும், காலடிச் சத்தத்துக்கும் நகராது. அதன் நஞ்சு சதையை அரிப்பதோடு, இரத்தம் உறையும் தன்மையையும் கெடுத்துவிடும். ஈறில் கசிவு தெரிந்தால் உள்ளேயும் கசியலாம். அதற்கான நச்சுமுறி மருந்து எங்களைப் போன்ற கிளினிக்கில் இருக்காது. அதை ஏற்றும்போதே உடம்பு ஒவ்வாமையால் மோசமாகத் திரும்பக்கூடும் என்பதால், கூடவே இருந்து கவனிக்கவும் இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கவும் வசதியுள்ள இடத்தில்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு எங்கள் கதவு திறந்தே இருந்திருந்தாலும் அவரை அங்கேதான் அனுப்பியிருப்போம். பெரியவர் பிழைத்துவிட்டார். கால் தேறி வேலைக்குத் திரும்ப நாளாயிற்று.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் கைத்தொலைபேசியிலிருந்து எங்கள் எண்ணுக்கே அடித்து, கவுண்டர் போனை யாரையும் எடுக்க விடாமல், பதிவை முழுக்கக் கேட்டேன். மலாயில் நீண்ட வரவேற்பு, கிளினிக்கின் பெயர், முகவரி, நேரம், விடுமுறை, கடைசியில் அவசரம். பிறகு அதே வரிசை தமிழில். பிறகு மாண்டரினில். தமிழ் காதில் விழுவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. தமிழில் அவசரத்தைப் பற்றிய வரியை எட்டுவதற்குள் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் பேரப்பையன் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். மலாயில் எட்டரை என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ‘நாளை காலை எட்டரைக்குத் திறப்போம்’ என்பதை ராத்திரியில் பயந்துபோய்க் கேட்கிற ஒருவர் ‘அதுவரை பொறுக்கலாம்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் நேரத்தைத்தான் சொல்கிறோம், ஆனால் அவருக்கு அது வைத்தியர் சொன்ன புத்தியாகப் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று காசு. தோட்டத்தில் பெரும்பாலோர் பிரிபெய்ட் சிம்தான். மணி அடிக்கும்வரை கட்டணம் இல்லை. பதிவு எடுத்த நொடியிலிருந்து கிரெடிட் ஓடும். சம்பள நாளுக்கு முந்தின வாரம் ஒரு வெள்ளிகூட இல்லாத போனில் எங்கள் முகவரியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. 999க்கு அடிக்கக் காசு வேண்டாம். கிரெடிட் தீர்ந்த போனிலிருந்தும் அது போகும். அதையும் எங்கள் பதிவு சொல்லவில்லை.

டாக்டரிடம் பேசினேன். வரிசையைத் தலைகீழாக மாற்றலாம் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். அவசர வாக்கியம் மட்டும் முதலில் மூன்று மொழியிலும் அடுத்தடுத்து வரும், அதற்குப் பிறகுதான் நேரமும் விடுமுறையும். வரவேற்பையும் முகவரியையும் தூக்கிவிட்டோம். போன் அடிக்கிறவருக்கு யாருக்கு அடிக்கிறோம் என்று தெரியும், கிளினிக்கின் பெயர் ஒரு தடவை வந்தால் போதும்.

எங்களுக்குள் கருத்து வேறுபட்டது அடுத்த விஷயத்தில்தான். பாம்புக்கடிக்குக் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், காலை அசைக்காமல் வையுங்கள் என்று பதிவிலேயே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். அந்தத் துணிக்கட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. டாக்டர் மறுத்தார்.

“அக்கா, பாம்புக்குச் சொன்னா, வலிப்புக்கும் சொல்லணும். களைக்கொல்லி குடிச்சவருக்கும் சொல்லணும். நெஞ்சு வலியோட அடிக்கிறவரு பாம்புக் கதை முடியிற வரைக்கும் காத்திருக்கணுமா?”

அவர் சொன்னது நியாயம். பதிவு கேள்வி கேட்காது. எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன ஆயிற்று என்று அதற்குத் தெரியாது. 999இல் ஆள் பேசுவார். முதலில் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு, ஆம்புலன்ஸ் என்றால் அந்தப் பக்கம் இணைப்பார்கள். நிலைமையைக் கேட்டு அதற்கேற்ப என்ன செய்யலாம் என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. ஆகவே பதிவின் வேலை அழைப்பவரைச் சீக்கிரம் அங்கே தள்ளிவிடுவதுதான். முதலுதவியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கவுண்டர் பக்கத்தில் ஒட்டினோம். கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடவும் என்ற வரியை நான் கேட்டுச் சேர்த்தேன், வீங்கிய பிறகு அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எதையெல்லாம் அவசரம் என்று பெயர் சொல்வது என்பதையும் யோசித்தோம். நிறையச் சொன்னால் நீளும். அதோடு, பட்டியலில் இல்லாதது அவசரமில்லை என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். ஏழு மட்டும் வைத்துக்கொண்டு, ‘அல்லது உங்களுக்குப் பயமாக இருந்தால்’ என்று சேர்த்தோம். அந்தச் சேர்க்கை டாக்டருடையது. எனக்கு இந்தப் பதிவிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான், வியாதியின் பெயர் தெரியாத பாட்டிக்கும் அது வழிவிடுகிறது. தமிழ்ப் பகுதி இப்படி முடிந்தது:

“நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, நிற்காத இரத்தம், பாம்புக்கடி, விஷம், அல்லது உங்களுக்குப் பயமாக இருந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே 999க்கு அடியுங்கள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. காசு இல்லாமலும் அடிக்கலாம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தக் கேட் என்று சொல்லுங்கள்.”

கடைசி வாக்கியத்துக்கு நான் விடாப்பிடியாக நின்றேன். லயத்து வீட்டுக்குத் தெருப் பெயர் கிடையாது. ஒரே பெயரில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இருக்கும், இரண்டுக்கும் பாதை வேறு. பழத் திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் சில கேட்டுகளைப் பூட்டிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் பூட்டிய கேட்டின் முன் வந்து நின்றால், சுற்றிப் போக நேரம் வீணாகும். திறந்திருக்கும் கேட்டில் விளக்கோடு ஓர் ஆளை நிறுத்தச் சொல்லும் வரியையும் எழுதிப் பார்த்தேன், நீளமாகிவிட்டது. அது சுவரொட்டிக்குப் போனது.

நேரத்தைச் சொல்லும் பகுதியிலும் ஒரு பழைய குழப்பம் தீர்ந்தது. ‘வார இறுதியில் மூடியிருக்கும்’ என்று முன்பு இருந்தது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லை தாண்டினால் பினாங்கில் சனியும் ஞாயிறும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் புக்கிட் மெர்தாஜாமிலும் பிறையிலும் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார்கள். அப்பாவுக்காக அங்கிருந்து போன் அடிக்கும் மகனுக்கு வார இறுதி என்றால் ஞாயிறு. ஞாயிறன்று நாங்கள் திறந்திருக்கிறோம், அவன் வரமாட்டான். வெள்ளியன்று மூடியிருக்கிறோம், அன்று வந்து நிற்பான். இப்போது கிழமையின் பெயரைச் சொல்கிறோம். வெள்ளி முழு நாளும் மூடல், சனி மதியம் ஒரு மணி வரை, மற்ற நாள்களில் காலை எட்டரை முதல். மூடும் நேரத்தைச் சொல்வதையும் விட்டுவிட்டோம். பெயர் பதிய இரவு ஒன்பது மணிக்குள் வரவேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். ஒன்பதரைக்கு மூடுவோம் என்றால் சரியாக ஒன்பதரைக்குத்தான் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்.

குரல் என்னுடையது. மருந்து அறையில் காற்றாடியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டுப் பேசினேன். சாதாரணத் தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கொண்டுபோகும், அதற்கு வெளியே உள்ள ஒலிகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது எட்டரையும் ஏழரையும் பிரித்துக் கேட்பது கடினம். அதனால் எண் வரும் இடங்களில் நிதானித்து, இரண்டு தடவை சொன்னேன். சரிபார்ப்பதற்கு நல்ல போனை எடுக்காமல், எங்கள் துப்புரவு அம்மாவின் பழைய பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு, சாலையோரம் நின்று கேட்டோம். அவருக்கு எந்த இடம் புரியவில்லையோ அந்த இடத்தைத் திரும்பப் பேசினேன். மலாய்ப் பகுதியை வங்காளதேசத் தொழிலாளி ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். தோட்டத்தில் இப்போது அவர்களும் இந்தோனேசியர்களும்தான் அதிகம், அவர்கள் காதில் விழுவது மலாய் மட்டுமே.

பண்டிகைப் பதிவு தனி வேலை. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தேதி முன்பே தெரியும். நோன்புப் பெருநாள் அப்படியில்லை. பிறை பார்த்து, முந்தின இரவு தொலைக்காட்சியில் அறிவித்த பிறகுதான் உறுதியாகும். அதனால் இரண்டு தேதிக்கும் இரண்டு பதிவு செய்துவைத்து, அறிவிப்பு வந்ததும் சரியானதைப் போடுகிறோம். நோன்பு மாதத்தில் துறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் மூடுவதையும் சேர்க்கிறோம். எந்தப் பதிவானாலும் முதல் வாக்கியம் மாறாது. பண்டிகைச் செய்தி அதற்குப் பின்னால்தான்.

மாட்டுவதைவிட எடுப்பதில்தான் கவனம் வேண்டும். ‘தீபாவளிக்கு மூடியிருக்கிறோம்’ என்பது பண்டிகை முடிந்த வாரமும் ஓடினால், கேட்டவர் நாங்கள் இன்னும் திறக்கவில்லை என்று நினைத்து, சர்க்கரை மாத்திரை தீர்ந்தும் வராமல் இருப்பார். இப்போது கவுண்டர் நோட்டில் ஒவ்வொரு பண்டிகைப் பதிவுக்கும் போடும் நாள், எடுக்கும் நாள், எடுப்பவர் பெயர் என்று மூன்று கட்டம் கிழித்திருக்கிறேன். விடுமுறை கழித்துக் கதவைத் திறக்கிறவர், விளக்கைப் போடும் முன் வாசலில் நின்றபடியே கிளினிக் எண்ணுக்கு ஒரு தடவை அடித்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.