சாயங்காலம் ஆறு: அம்மா ஊசி

ஜூலை 4, 2024, வியாழன்

ஆறு மணிக்கு போன் அடித்தது. திரையில் "அம்மா ஊசி". இங்கே ஆறு என்றால் சோழவந்தானில் ஏழரை. வெயில் காலம் என்பதால் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூணு வரை வேலை கிடையாது, அதை ஈடுகட்டச் சாயங்காலம் இழுத்துவிடுகிறார்கள். அலாரம் அடிக்கும்போது பெரும்பாலும் கேம்ப்புக்குப் போகிற பஸ்ஸில்தான் இருப்பேன். துபாயில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம் ஆப்பில்தான் கூப்பிட வேண்டும்.

அம்மா குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலின், கலங்கலான மருந்து, குலுக்கக் கூடாது. பதினைந்து கோடு இழுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். "சரியாய்யா?" சரி. வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி கழித்துத்தான் சாப்பாடு. அந்த அரை மணிக்குள் கொடிக்கால் வெற்றிலை என்ன விலைக்குப் போச்சு, யார் வீட்டில் என்ன சண்டை என்று ஊரே எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஜூலை 9, செவ்வாய்

அம்மாவுக்கு அசதி. ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறாளாம். தாகம் அடங்கவில்லையாம். அங்கே அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கிற செல்வி காலையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறாள்: வெறும் வயிற்றில் 268. எப்போதும் 130 பக்கம்தான் இருக்கும். "மாம்பழம் தின்னியாத்தா?" என்றால் சத்தியம் செய்கிறாள். எனக்கும் நம்பிக்கைதான், பாதி.

ஜூலை 12, வெள்ளி

டாக்டரிடம் போய் வந்துவிட்டார்கள். காலை 25-ஐ 30 ஆகவும், சாயங்காலம் 15-ஐ 20 ஆகவும் ஏற்றிவிட்டார். இன்று இருபது கோடு.

ஜூலை 14, ஞாயிறு

லீவு. படுக்கையில் சாய்ந்துகொண்டே பேசினேன், அவசரமில்லை. அம்மா சந்தோஷமாக ஒரு விஷயம் சொன்னாள்: "இந்தத் தடவ குடுத்த மருந்து நல்லா வருதுய்யா. போன மாசக் கடைசில தொறந்தது, இன்னும் கெடக்கு பாரு." குப்பியைத் தூக்கிக் காட்டினாள். கால் பங்குக்கு மேல் இருந்தது.

திறந்தது 28-ஆம் தேதி. பத்து மில்லி குப்பி, ஒரு மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400. பழைய கணக்குப்படி காலை 25, சாயங்காலம் 15 என்று நாளைக்கு 40. பத்தே நாளில் தீர்ந்திருக்க வேண்டும். தினமும் கோடு சரியாகத்தான் இருக்கிறது, நானே பார்க்கிறேன். அப்படியென்றால் மருந்து எங்கே போகாமல் நிற்கிறது?

"அந்தச் சிரிஞ்சு மூடியக் காட்டுத்தா."

ஆரஞ்சு.

அம்மா போட வேண்டியது சிவப்பு மூடி. அதுதான் 40 யூனிட் குப்பிக்கு உள்ளது. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு. அதில் பதினைந்து கோடு இழுத்தால் 0.15 மில்லிதான் ஏறும். இந்தக் குப்பி மருந்தில் அது ஆறு யூனிட். பதினைந்து போட்டதாக நினைத்து ஆறு போட்டிருக்கிறாள். பழைய பெட்டி தீர்ந்து, செல்வி மகன் மெடிக்கலில் "இன்சுலின் ஊசி" என்று கேட்டிருக்கிறான். எந்த மருந்துக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, இப்படி மாறியது. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு ஏறிச் சர்க்கரை கீழே விழுந்திருக்கும்.

செல்வி உடனே கிளம்பினாள். "சிவப்பு வாங்கியாந்து இருபது போட்டுர்றேண்ணே" என்றாள். போடாதே என்றேன். அந்த இருபது, ஊசி மாறியது தெரியாமல் டாக்டர் ஏற்றியது. ஆறு, எட்டிலேயே நின்றவளுக்குத் திடீரென்று இருபது போனால் நடுராத்திரி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். தனியாகப் படுக்கிறவள். முதலில் டாக்டருக்குப் போன் போடு என்றேன். அவர் பழைய 15-க்கே வரச் சொன்னார். காலைக்குப் பழைய 25. குப்பியையும் இரண்டு ஊசியையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

சிவப்பு மூடி, பதினைந்து கோடு. அந்த ஊசியில் பதினைந்து எவ்வளவு மேலே நிற்கிறது! "இம்புட்டா?" என்று அம்மாவே பயந்தாள். சாப்பிட்டு முடிக்கிற வரை போனை வைக்கவில்லை. சீனி டப்பாவைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் பீகார் பையன், யாருக்கு என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஜூலை 15, திங்கள்

விடிகாலை மூணு மணிக்கு, அங்கே நாலரை, செல்வி குத்திப் பார்த்திருக்கிறாள். 190. வேலைக்குக் கிளம்பும்போது மெசேஜ் பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

வெறும் வயிற்றில் 142. ஆரஞ்சுப் பெட்டியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. செல்வி குப்பையில் போடாமல் மேல் அலமாரியில் வைத்திருக்கிறாளாம், அதைத் தூக்கி எறியச் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் அம்மா கோட்டைக் காட்டுவதற்கு முன்னால் மூடியைக் காட்டுகிறாள்.

அடுத்த மாதம் எனக்கு நைட் டூட்டி. ஆறு மணிக்கு சைட்டில் இருப்பேன், கிரேன் பக்கத்தில் போன் எடுக்கக் கூடாது. அலாரத்தை ஐந்தேகாலுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். அங்கே ஆறே முக்கால்.

"அம்புட்டுச் சீக்கிரம் சோறு எறங்காதுய்யா," என்றாள். "சரி, ஒனக்காக வெரசா ஒல வைக்கிறேன்."